வீசைக் கணக்கும் வருஷத்து மிளகாய்த்தூளும்

எங்க வீட்டு குழம்பு மிளகாய்த்தூள் கொஞ்சம் கசக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். "ஆயா அரைச்சா இப்படி இருக்காது" என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் சொல்வார், அம்மா முறைப்பார். போன பங்குனியில் சிதம்பரத்து வீட்டுப் பரணில் ஆயாவின் பழைய நோட்டு கிடைத்தபோதுதான் இந்தச் சண்டைக்கு விடை தெரிந்தது.

நோட்டில் இருந்த பட்டியல் இது: மிளகாய் 1 வீசை, மல்லி 1½ வீசை, துவரம்பருப்பு 6 பலம், விரலி மஞ்சள் 4 பலம், மிளகு 3 பலம், சீரகம் 3 பலம், வெந்தயம் 2 பலம்.

சென்னை மாகாண வழக்கில் 40 பலம் ஒரு வீசை. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், ஆக ஒரு வீசை 1.4 கிலோ. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-ல் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கடைகளில் கிலோ நுழைந்தது. வீசைக் கல் போய் கிலோ கல் வந்த அந்தச் சில வருஷங்களில் எத்தனை வீட்டுச் சமையல் கணக்குகள் கைமாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அம்மா கல்யாணமாகி வந்து இந்தப் பட்டியலைக் கிலோவுக்கு மாற்றி எழுதினார். வீசையை ஒன்றரைக் கிலோ என்றும், பலத்தை 50 கிராம் என்றும் முழுசாக்கிவிட்டார். கடையில் கேட்க வசதியான எண்கள். ஆனால் வீசை 7 சதவீதம்தான் கூடியது, பலம் 43 சதவீதம் கூடிவிட்டது. வெந்தயம் 70 கிராமுக்குப் பதில் 100 கிராம். மிளகாயோடு ஒப்பிட்டால் ஆயாவின் விகிதம் 5 சதவீதம், அம்மாவுடையது 6.7 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு அதிகம். நாற்பது வருஷமாக நாங்கள் சாப்பிட்ட கசப்பு இந்த ரவுண்டிங் பிழைதான்!

சரி, இந்த வருஷம் ஆயா கணக்கில் அரைப்போம் என்று நானே இறங்கினேன். மிளகாய் 1,400 கிராம், மல்லி 2,100, பருப்பு 210, மஞ்சள் 140, மிளகும் சீரகமும் தலா 105, வெந்தயம் 70. மொத்தம் 4 கிலோ 130 கிராம்.

ஏன் பங்குனி, சித்திரையில் அரைக்கிறார்கள்? புது மிளகாய் வரும் காலம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் தண்ணீர். கடலூர் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். அதற்குள் தூள் நன்றாகக் காய்ந்து டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். மிளகாய்த்தூளில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, மல்லித்தூளுக்கு 10 சதவீதம். அதைத் தாண்டித் தாண்டிப் போனால் பூஞ்சைக்கு வழி திறக்கும். மிளகாயில் வரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. மேலே பூத்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்துவது தப்பு.

வீட்டில் ஈரமானி கிடையாது. நான் செய்தது எடை பார்ப்பது. காம்பு கிள்ளிய 1,400 கிராம் மிளகாயை மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கே எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு காற்றில் கூடும் ஈரப்பதம் பகலில் போன ஈரத்தைத் திரும்பக் கொடுத்துவிடும். முதல் நாள் முடிவில் 1,330, இரண்டாம் நாள் 1,290, மூன்றாம் நாள் 1,280, நான்காம் நாளும் 1,280. எடை நின்றுவிட்டால் அந்த வெயிலால் எடுக்க முடிந்த ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். ஆயாவுக்குத் தராசு தேவைப்படவில்லை. குலுக்கினால் விதை சலசலக்கணும், ஒடித்தால் வளையாமல் 'டக்'கென்று ஒடியணும் என்பார்.

பிறகு வறுப்பு. எண்ணெய் விடாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக. எண்ணெய் விட்டு வறுத்தால் சில மாதத்தில் சிக்கு வாடை வரும். பருப்பு பொன்னிறமாகி, கடித்தால் நடுவிலும் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். உள்ளே ஈரம் தங்குவது பருப்பில்தான். மல்லி வாசம் எழும் வரை. வெந்தயம் லேசாகச் சிவந்ததும் இறக்கிவிட வேண்டும், கருகினால் அதுவும் கசப்பு. மிளகு, சீரகம், மிளகாய் மூன்றும் சூடேறினால் போதும். மஞ்சளை வறுக்காமல், உலக்கையால் உடைத்து வெயிலில் வைத்தேன். எல்லாம் ஆறியபின்தான் ஒன்றாகக் கலக்க வேண்டும்.

அம்மா ஒரு வருஷம் "கெடாம இருக்கும்"னு கல் உப்பு ஒரு கைப்பிடி சேர்த்தார். ஐப்பசியில் தூள் கல்லாகிவிட்டது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலக் கடலூரில் அது அன்றாட விஷயம். ஊறுகாயைக் காக்கும் உப்பு தூளைக் கெடுக்கும்.

மில்லில் இரண்டு விஷயம் கவனித்தேன். கோதுமையோ அரிசியோ அரைத்தவர் பின்னால் போகாமல், மிளகாய் அரைத்தவருக்கு அடுத்து நின்றேன். அப்போதும் முதலில் வரும் ஒரு பிடி முன்னவருடையது, அதைத் தனியாக எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, தூள் சுடச்சுட வெளியே வரும். அப்படியே டப்பாவில் மூடினால் ஆவி மூடிக்கு அடியில் நீராகி மேல்பரப்பில் விழும். பூஞ்சை பெரும்பாலும் டப்பாவின் மேல் பக்கத்தில் ஆரம்பிப்பது இதனால்தான். வீட்டில் காகிதத்தில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவைத்தேன். மொத்தம் 3 கிலோ 800 கிராம் தேறியது. மீதி ஈரமாகவும் மில்லிலும் போனது.

எத்தனை நாள் வரும்? 'கெடாது' என்பதும் 'நன்றாக இருக்கும்' என்பதும் வேறு வேறு. காய்ந்த தூள் ஒரு வருஷம் கெடாது, காரமும் அவ்வளவாகக் குறையாது. ஆனால் மல்லி, சீரகத்தின் வாசம் மூன்று, நான்கு மாதத்தில் பாதியாகத் தளர்ந்துவிடும். வெளிச்சம் பட்டால் சிவப்பும் வெளுக்கும். அதனால் இருட்டில், சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைத்து ஒவ்வொன்றாகத் திறப்பது நல்லது.

சிதம்பரத்துக்காரர்களுக்கு இது முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். எங்க ஊர் இலையில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சேர்ந்தே விழும். சாதத்தில் மிளகும் சீரகமும் நெய்யும்தான், மிளகாய் இல்லை. கொத்சில் மிளகாய். மிளகு இந்த மண்ணின் பழைய காரம். சங்க இலக்கியத்தில் 'கறி' என்றாலே மிளகுதான். மிளகாய் அமெரிக்காவிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. பக்கத்துப் பரங்கிப்பேட்டைக்கு 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். பழையதும் புதியதும் ஒரே இலையில். ஆனால் இரண்டுக்குமான பொடியை அன்றன்றைக்கு வறுத்து அரைப்பார்கள். வாசம் முக்கியம் என்றால் அன்றைக்கு, காரமும் நிறமும் போதும் என்றால் வருஷத்துக்கு.

அடுத்த வருஷம் மிளகாய், மல்லி, மஞ்சள், பருப்பு மட்டும் மொத்தமாக அரைத்துக்கொண்டு, மிளகு, சீரகம், வெந்தயத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வறுத்துச் சேர்ப்பதாகத் திட்டம்.

முதல் வத்தக்குழம்பை அப்பா ருசி பார்த்தார். "இதுதான்" என்றார். அம்மா நோட்டை வாங்கி, பலத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் '35' என்று எழுதி வைத்தார்.