இந்தியாவில் பௌத்தத்தின் மறைவு: காரணங்கள் பற்றிய வாதம்

புத்தர் ஞானம் பெற்ற மகதத்திலும் அதைச் சூழ்ந்த நாடுகளிலும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பௌத்தம், கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இந்தியாவின் பெரும்பகுதியில் வழக்கொழிந்தது. இமயச் சாரலிலும் வங்கத்தின் கிழக்கு மூலையான சிட்டகொங் பக்கத்திலும் மட்டும் அது விடுபடாமல் தொடர்ந்தது. இதற்கு அரச ஆதரவு வற்றியமை, சைவ வைணவப் போட்டி, துருக்கியப் படையெடுப்பு என மூன்று காரணங்கள் வழமையாகச் சொல்லப்படுகின்றன. மூன்றுக்கும் சான்று உண்டு. ஆயினும் ஆதரவு வற்றலும் சமயப் போட்டியும் வேறு படைகளின் படையெடுப்பும் இலங்கையையும் தாக்கின. இங்கே பௌத்தம் அழியவில்லை. கேகாலை மாவட்டமும் பக்கத்து இரத்தினபுரியும் அந்தத் தாக்குதல்களைக் கண்ட மண்தான். ஆகவே இந்தியாவின் கதையை இலங்கையை அருகில் வைத்துக்கொண்டு படிப்பது பயன் தரும்.

முதலில் காலக்கணக்கு. 630களில் இந்தியாவைச் சுற்றிய சீனத் துறவி யுவான் சுவாங், காந்தாரத்தில் நூற்றுக்கணக்கான விகாரைகள் பாழடைந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். தெற்கே காஞ்சியில் நூறு விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்தனர் என்கிறார். ஆனால் சோழநாட்டு விகாரைகள் இடிந்து கிடந்தன, துறவிகள் சிலரே எஞ்சினர். அப்போது துருக்கியப் படை எதுவும் இந்தியாவுக்குள் நுழைந்திருக்கவில்லை. தேய்வு தொடங்கிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின்தான் அந்தக் குதிரைகள் மகதத்துக்கு வந்தன.

அரசர்கள் பௌத்தர்களைக் கொன்றொழித்தனர் என்ற கதைகளையும் எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். சுங்க மன்னன் புஷ்யமித்திரன் துறவியின் தலைக்கு நூறு தினாரம் விலை வைத்தான் என்று திவ்யாவதானம் கூறுகிறது. தினாரம் என்ற காசுப்பெயர் இந்தியாவில் புழங்கத் தொடங்கியதே அவனுக்குப் பிந்திய காலத்தில். அவன் குலத்து ஆட்சிக்காலத்தில் பர்கூத், சாஞ்சி தூபிகள் வளர்ந்துமிருக்கின்றன. கௌட மன்னன் சசாங்கன் போதிமரத்தை வெட்டினான் என்று சொல்பவர் யுவான் சுவாங். அவரைப் போற்றி விருந்தளித்த ஹர்ஷனின் பகைவன் சசாங்கன் என்பதையும் சேர்த்தே அந்தச் செய்தியை வாசிக்க வேண்டும். கொடுமை எதுவும் நடக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஒரு சமயத்தையே துடைத்தழிக்கும் அளவுக்கு நடந்ததாகக் காட்டச் சான்று போதாது.

அரச ஆதரவு பற்றிய வாதம் இதைவிட வலுவானது. நாளந்தாவின் செலவுக்கு நூறு கிராமங்களின் வருவாய் விடப்பட்டிருந்தது என்று யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதியோர் குறித்தனர். அரை நூற்றாண்டின் பின் வந்த யீஜிங் இருநூறுக்கு மேல் என்கிறார். நாளந்தாவின் துறவிகள் வீடு வீடாகப் பிச்சைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நெல், பால், வெண்ணெய் எல்லாம் மானியக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்தன. வசதிதான், ஆனால் விலை பெரியது. விகாரை பக்கத்து ஊரை நம்பியிருக்கும் தேவை குறைந்தது. மானியம் தந்த அரசகுலத்தின் ஆயுளே விகாரையின் ஆயுளானது. 8ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை பால அரசர் இந்தச் சுமையைத் தாங்கினர். அவர்களும் பிராமணருக்கும் கோயில்களுக்கும் சேர்த்தே கொடுத்தனர். அடுத்து வந்த சேனரின் நாட்டம் வேறு பக்கம் இருந்தது. அதற்காக ஆதரவு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் காகடவால மன்னன் கோவிந்தசந்திரனின் அரசி குமாரதேவி சாரநாத்தில் விகாரை எழுப்பினாள்.

படையெடுப்பு பற்றிய முதன்மைச் சான்று மின்ஹாஜ் எழுதிய தபகாத்-இ-நாசிரி. பக்தியார் கில்ஜி இருநூறு குதிரைவீரரோடு பீகாரில் ஒரு கோட்டையைப் பிடித்தான். உள்ளே இருந்த மொட்டைத்தலையர் அனைவரும் கொல்லப்பட்டனர். குவிந்து கிடந்த நூல்களைப் படித்துச் சொல்ல ஆள் தேடியபோதுதான் அது கல்விக்கூடம் என்று தெரிந்தது. மின்ஹாஜ் நாளந்தாவின் பெயரைச் சொல்லவில்லை. அவர் சொல்லும் இடம் ஓதந்தபுரி என்றே பலர் கொள்கின்றனர். ‘நாளந்தா நூலகத்தைக் கில்ஜி எரித்தான்’ என்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்ட வாசகத்துக்கு இந்த நூலில் ஆதாரம் இல்லை.

நாளந்தாவின் கடைசி நாட்களை நேரில் கண்டு சொன்னவர் திபெத்தியத் துறவி தர்மசுவாமி. 1234 முதல் 1236 வரை அவர் மகதத்தில் இருந்தார். நாளந்தாவில் தொண்ணூறு வயது கடந்த ராகுலஸ்ரீபத்திரர் எழுபது மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓதந்தபுரியில் தங்கியிருந்த துருக்கிய வீரர் வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் மற்றவர் ஓட, தர்மசுவாமி குருவை முதுகில் தூக்கிச் சென்று ஒளித்தார். புத்தகயாவில் அவர் கண்டது இன்னும் கூர்மையானது. நான்கே துறவிகள் இருந்தனர். புத்தர் சிலை இருந்த அறையை மூடிச் சாந்து பூசி, வெளியே மகேசுவரனின் உருவத்தை வரைந்திருந்தனர், தாக்க வருபவர் ஏமாறட்டும் என்று. அந்த வச்சிராசனக் கோயிலின் காவல் உரிமை சிங்களப் பிக்குகளின் கையில் இருந்தது என்றும் அவர் குறித்திருக்கிறார். ஆகப் படையெடுப்பு உண்மை, அழிவும் உண்மை. ஆனால் பெரிய பால விகாரைகள் விழுந்தபோது தாங்கிப் பிடிக்க அக்கம்பக்கத்து ஊர்களில் பௌத்தக் குடிகள் திரளாக இருந்ததாகத் தெரியவில்லை. அறிஞர்கள் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் போனார்கள். 1204இல் திபெத் சேர்ந்த சாக்கியஸ்ரீபத்திரர் அவர்களில் பெயர் பெற்றவர்.

படையெடுப்பே காரணமென்றால் அது எட்டாத இடத்தில் பௌத்தம் பிழைத்திருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஏற்ற இடம் நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மனின் பெயரால் அங்கே எழுந்த விகாரைக்கு முதலாம் இராசராசன் 1006 அளவில் ஆனைமங்கலத்தின் வருவாயை விட்டான். ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேற்பட்ட நெல் அது. அந்தச் செப்பேடு லெய்டன் செப்பேடு என்ற பெயரில் அறியப்படுகிறது. 1090இல் முதலாம் குலோத்துங்கன் மானியத்தை உறுதிசெய்தான். அனுராதபுரத்தைச் சூறையாடிய அதே சோழப்பேரரசு நாகையில் விகாரையை வளர்த்தது; திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரும் தமிழ்க் கல்வெட்டுகளும் வாய்த்தன. தமிழ்ப் பௌத்தம் அப்போது உயிரோடிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகு, இலங்கைச் சங்கத்தின் இரு பிரிவுகளை ஒற்றுமைப்படுத்தச் சோழநாட்டிலிருந்தே பிக்குகளை அழைத்தான் என்று சூளவம்சம் கூறுகிறது.

பிறகு? நாகையைக் கொளுத்தியதாக எந்தப் படையையும் காட்ட முடியாது. ஆனால் சோழர் போனார்கள், ஸ்ரீவிஜயம் தளர்ந்தது, கடல்கடந்து வந்த வணிகப்பணம் குறைந்தது. 1476இல் இலங்கையில் உபசம்பதா பெற்றுத் திரும்பிய பெகு நாட்டுத் துறவிகள் கப்பல் உடைந்து நாகையில் ஒதுங்கினர். அவர்கள் அங்கே கண்டது பதரிகாராமம் இருந்த இடத்தையும், சீன மன்னன் செய்வித்த குகையில் இருந்த ஒரு புத்தர் சிலையையும் என்று கல்யாணிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. 1856 முதல் நாகையில் மண்ணிலிருந்து வெளிவந்த ஏறத்தாழ 350 வெண்கலப் படிமங்களில் பிந்தியவற்றை 16ஆம் நூற்றாண்டுக்கு உரியனவாகக் கொள்கின்றனர். கடைசியாக எஞ்சி நின்ற செங்கற் கோபுரத்தை 1867இல் அரசின் அனுமதியோடு இடித்தவர்கள் இயேசு சபையினர். அதைக் கும்பிட அப்போது அங்கே யாரும் இல்லை. விகாரை கரைந்துதான் போனது.

அப்படியானால் பக்தி இயக்கம்தான் கரைத்ததா? சம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாட்டில் சமணரையும் சாக்கியரையும் சேர்த்தே சாடினார். திருமங்கையாழ்வார் நாகையின் பொன் புத்தரைக் கவர்ந்து திருவரங்கத்துத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. சாடல் சமணர், பௌத்தர் இருவர் மீதும் ஒன்றாகவே விழுந்தது. ஆனால் சமணர் இன்றும் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் பக்கங்களில் தமிழ் பேசும் உழவர் குடிகளாக வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடம் இருக்கிறது. பௌத்தரோ இல்லாமல் போனார்கள்.

வேறுபாடு இல்லறத்தாரிடத்தில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. சமண ஆசிரியர்கள் இல்லறத்தானின் விரதம், உணவு, சடங்கு எல்லாவற்றுக்கும் விரிவான ஒழுக்க நூல்கள் எழுதினர். அவற்றை ஆராய்ந்த பத்மநாப் ஜைனி இரு சமயங்களின் விதி பிரிந்ததற்கு இதை ஒரு காரணமாகக் கண்டார். இந்தியப் பௌத்த இல்லறத்தான் விகாரைக்குத் தானம் கொடுத்தான். பிள்ளைப்பேற்றுக்கும் கலியாணத்துக்கும் பிராமணரைக் கூப்பிட்டான். புத்தரும் திருமாலின் அவதாரம் என்று புராணம் சொன்னபின் அவன் கோயிலுக்குப் போக எதையும் கைவிட வேண்டியிருக்கவில்லை. விகாரை மூடப்பட்டபோது அவன் ஒரு தானத் தலத்தை இழந்தான், அவ்வளவே.

இலங்கைக்கு வருவோம். 1215இல் வந்த கலிங்க மாகன் பொலன்னறுவையைச் சூறையாடினான். புத்த தந்தம் கொத்மலையில் ஒளித்து வைக்கப்பட்டது. மூன்றாம் விஜயபாகு அதைக் கேகாலையின் பெலிகல மலைக்குக் கொண்டுவந்தான். 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை இராசசிங்கன் சைவனாகி, பௌத்த நூல்களை எரித்து, சிவனொளிபாதமலையின் வருவாயைச் சைவத் துறவிகளிடம் விட்டான் என்று சூளவம்சம் குற்றஞ்சாட்டுகிறது. ஆதரவு அறுந்தது, போட்டி வந்தது, படையெடுப்பும் வந்தது, ஒன்றும் குறைவில்லை. சங்கமும் உண்மையில் அழிந்தது. உபசம்பதா அளிக்க மத்திய தேசத்தில் பத்துப் பேரும் எல்லை நாடுகளில் ஐந்து பேரும் முறையாக உபசம்பதா பெற்ற பிக்குகளாய் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை குறைந்தால் உள்ளூரில் எவராலும் பரம்பரையைத் தொடர முடியாது. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு பர்மாவிலிருந்தும், 1753இல் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் சீயத்திலிருந்தும் வரவழைத்தனர். பின்னவன் நாயக்கர் வழியில் வந்தவன். சிவனொளிபாதத்தைப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தவனும் அவனே. சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைக்க அவனைத் தூண்டிய வெலிவிட்ட சரணங்கரர் போன்றோர் உபசம்பதா இல்லாமலேயே ஊர் விகாரைகளைக் காத்து நின்றனர். விகாரை வேண்டும் என்று கேட்கும் ஊர் இருந்தது. அந்த ஊரை ஆள வேண்டுமானால் அரசன் அதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். இந்தியாவில் 1204க்குப் பின் பிக்குகளைத் திருப்பி அழைக்க அப்படியொரு ஊரோ அரசனோ முன்வரவில்லை.

அழைப்பு 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, அதுவும் இலங்கை வழியாக. 1891இல் அநகாரிக தர்மபாலர் புத்தகயாவை மீட்க மகாபோதி சங்கத்தைத் தொடங்கினார். 1898இல் அயோத்திதாசர் கொழும்புக்கு வந்து ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாக்பூரில் அம்பேத்கர் பர்மியப் பிக்கு சந்திரமணியிடம் தீட்சை பெற்றார். பௌத்தம் வீழ்ந்தது படையெடுப்பால் என்று எழுதியவர் அம்பேத்கர். ஆனால் அன்று அவர் தம் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகள் எந்தப் படையெடுப்பையும் பற்றியவையல்ல. புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நம்பமாட்டேன் என்பது அவற்றுள் ஒன்று. பிராமணரைக் கொண்டு எந்தச் சடங்கும் செய்விக்கமாட்டேன் என்பது இன்னொன்று.