கொக்கிக் கயிறு (வீடியோ கேம்)

வீடியோ கேம்களில் ஒரு பாத்திரம் கொக்கியை எறிந்து சுவரிலோ கூரையிலோ மாட்டி, அதன் கயிற்றில் தொங்கியபடி ஊசலாடிச் செல்ல உதவும் கருவி கொக்கிக் கயிறு. கேம் எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் விரும்பித் தொடங்கும் வேலைகளில் இது ஒன்று. பாதியில் விட்டுவிடும் வேலைகளிலும் ஒன்று. கயிறு ரப்பர் மாதிரி நீள்கிறது, இல்லையென்றால் காரணமே இல்லாமல் அறுகிறது, அதுவும் இல்லையென்றால் பாத்திரத்தைத் திரைக்கு வெளியே வீசி எறிகிறது. இவை மூன்றும் வெவ்வேறு கோளாறுகளாகத்தான் பேசப்படுகின்றன. கயிறு போதிய விறைப்பாக இல்லை என்பதே காரணம் என்று எண்ணி, விறைப்பைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பதே வழக்கம். ஆனால் இந்தக் கருவியின் வரலாற்றைப் பார்த்தால் மூன்றுக்கும் வேர் ஒன்றே என்று தெரிகிறது. கணினி காலத்தைத் துண்டு துண்டாகக் கடக்கிறது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கயிற்றின் நீளத்தில் ஒரு பிழை மிஞ்சுகிறது. அந்தப் பிழையை எங்கே கொண்டுபோய்க் கழிப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

தொடக்கத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. 1987இல் கேப்காம் வெளியிட்ட ‘பயோனிக் கமாண்டோ’வின் நாயகனுக்குக் குதிக்கத் தெரியாது, நீளும் இயந்திரக் கையால் பற்றித் தொங்கி ஆடித்தான் நகர வேண்டும். அந்த ஆட்டம் முன்கூட்டியே வகுத்த பாதையில் நடப்பது. விசையைக் கணக்கிட்டு வருவது அல்ல. கணக்கு இல்லாத இடத்தில் கணக்குப் பிழைக்கும் இடமில்லை. 1994இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த ‘உமிஹாரா கவாசே’ நேர் எதிர்த் திசையில் போனது. அதன் நாயகி வீசுவது தூண்டில். அந்தத் தூண்டில் நூல் நீளும், சுருங்கும், இழுத்துவிட்டால் அவளைத் தொலைதூரம் எறியும். நூலின் நெகிழ்ச்சியைக் கைவசப்படுத்துவதே முழு ஆட்டமும். மறு ஆண்டு வந்த ‘வோர்ம்ஸ்’ கேமின் நிஞ்ஜா கயிறு பாறை முனைகளில் மடிந்து, மடிந்த இடத்தையே புதிய பிடிமானமாகக் கொண்டது. ஆட்டக்காரர் கயிற்றைச் சுருக்கவும் நீட்டவும் முடிந்தது. இதற்கென்றே கயிற்றுப் பந்தயங்கள் தோன்றும் அளவுக்கு அது வேரூன்றியது.

இவையெல்லாம் அந்தந்தக் கேமுக்கென்று கையால் எழுதிய கணக்குகள். பொதுவான இயற்பியல் எஞ்சின்கள் வந்த பிறகுதான் கயிறு தாறுமாறாக நடக்கத் தொடங்கியது. எரின் கேட்டோ உருவாக்கிய ‘பாக்ஸ்2டி’ 2007இல் வெளிவந்து பரவலானபோது, சிறு கட்டைகளைக் கண்ணி கண்ணியாகக் கோத்து நுனியில் பாத்திரத்தைத் தொங்கவிடுவது இயல்பான வழியாகத் தோன்றியது. எஞ்சின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத் திருத்தும். ஒன்றைத் திருத்தும்போது பக்கத்துக் கண்ணி கெடும். ஆகவே பலமுறை சுற்றி வர வேண்டும். கண்ணிகள் இலேசாகவும் பாத்திரம் கனமாகவும் இருந்தால் அத்தனை சுற்றும் போதாது, கயிறு நீண்டு தொங்கும். எடை விகிதம் பத்துக்கு ஒன்றைத் தாண்டினால் உறுதி குலையும் என்று பாக்ஸ்2டியின் கையேடே எச்சரிக்கிறது. பின்னர் அதில் சேர்க்கப்பட்ட `b2RopeJoint` என்ற இணைப்பின் வேலை, இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் ஓர் உச்சத்தைத் தாண்டாமல் பார்ப்பது மட்டும்தான். கண்ணிச் சங்கிலிக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத காப்புக் கயிறாக அதை ஓடவிட்டால் சங்கிலி நீளாது என்று கையேடு சொன்னது. ஆனால் ஆட்டம் நடக்கும்போது அந்த உச்ச நீளத்தை மாற்றினால் இயற்கைக்கு ஒவ்வாத விளைவு வரும் என்ற எச்சரிக்கையும் அதன் நிரலிலேயே எழுதப்பட்டிருந்தது. கொக்கிக் கயிறு எழுதுகிறவர் முதலில் செய்வதோ அந்த நீளத்தை மாற்றுவதுதான்.

அப்படி மாற்றினால் என்ன ஆகும் என்பதை எண்களோடு பார்க்கலாம். பாத்திரம் 10 மீட்டர் கயிற்றில் அசையாமல் தொங்குகிறது. பொத்தானை அழுத்தியதும் நிரல் ஒரே ஃபிரேமில் நீளத்தை 8 மீட்டராக்குகிறது. இப்போது பிழை 2 மீட்டர். பவும்கார்ட் 1972இல் முன்வைத்த முறையையொட்டிப் பல எஞ்சின்கள் இத்தகைய பிழையின் ஒரு பங்கைத் திருத்த வேகமாக மாற்றிச் சேர்க்கும். பங்கு 0.2, நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், 0.2 × 2 × 60, அதாவது நொடிக்கு 24 மீட்டர் வேகம் பிடிமானத்தை நோக்கிப் பிறக்கிறது. அந்த வேகத்தில் மேலே எறியப்பட்ட பொருள் ஏறத்தாழ 29 மீட்டர் உயரம் போகும். பாத்திரம் கொக்கி மாட்டிய இடத்தையும் தாண்டிப் பறந்துவிடும். இரும்புக் கம்பியாக இருந்திருந்தால் இந்த அளவு ஆபத்து இல்லை. கம்பி இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும் என்பதால் பிழை குறையக் குறைய அடுத்தடுத்த ஃபிரேம்களில் அதே வேகத்தை அது திரும்ப எடுத்துக்கொள்ளும். கயிறோ, கிணற்று வாளியின் கயிற்றைப் போல, இழுக்க மட்டுமே தெரிந்தது. கொடுத்த வேகத்தைத் திரும்ப வாங்க அதற்கு வழியில்லை. வீசி எறிதலுக்கு விறைப்புக் குறைவு காரணமல்ல என்பதற்கு இதுவே சான்று. இங்கே கயிறு கல்லைப்போல் விறைப்பாகத்தான் இருந்தது; நீளப் பிழை வேகமாக மாறியதுதான் கேடு.

அறுவதும் இதே கணக்கின் மறுபக்கம். யூனிட்டியில் ஓர் இணைப்புக்கு `breakForce` என்ற வரம்பு கொடுக்கலாம். 80 கிலோ பாத்திரத்தின் எடை ஏறத்தாழ 784 நியூட்டன். கயிறு கிடைமட்டமாக இருக்கும் நிலையிலிருந்து கைவிட்டு ஆடினாலும், அடியில் வரும் இழுவிசை கயிறு எவ்வளவு நீளமானாலும் எடையைப்போல் 3 மடங்குதான். ஆகவே 5 மடங்கை வரம்பாக வைப்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் பாத்திரம் 10 மீட்டர் விழுந்த பிறகு கயிறு விறைத்தால், நொடிக்கு 14 மீட்டர் வேகம் முழுவதும் யூனிட்டியின் இயல்பான காலத்துண்டான 0.02 நொடிக்குள் நிற்க வேண்டும். விசை 56,000 நியூட்டன் என்று கணக்கு காட்டும், கயிறு அறும். காலத்துண்டைப் பாதியாக்கினால் விசை இரட்டிப்பாகும். ஒரு கயிறு அறுமா அறாதா என்பதை அந்தக் கயிறு முடிவு செய்யாமல் காலத்துண்டு முடிவு செய்வது அபத்தம். மலையேறிகளின் கயிறு நிஜத்தில் எப்படித் தாங்குகிறது என்று கேட்கலாம். அது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை நேரத்தில் பரப்புகிறது. 80 கிலோ எடையைக் கொண்டு செய்யும் ஐரோப்பியத் தரச் சோதனையில் ஒற்றைக் கயிற்றின் உச்ச விசை 12,000 நியூட்டனைத் தாண்டக் கூடாது. கேமில் அறுவதைப் பொருளுள்ளதாக்க வேண்டுமானால் ஒரு ஃபிரேமின் விசையை நம்பக் கூடாது. சில ஃபிரேம்களின் சராசரியை வரம்போடு ஒப்பிட வேண்டும்.

காலத்துண்டைச் சிறிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது முதல் மறுப்பு. அதில் பாதி உண்மை. ஒரு ஃபிரேமில் பலமுறை சுற்றித் திருத்துவதைவிட, ஃபிரேமையே பல துண்டாக்கி ஒவ்வொன்றிலும் ஒருமுறை திருத்துவது மேல் என்று மாக்லின் முதலானோர் 2019இல் காட்டினார்கள். கண்ணிச் சங்கிலி நீள்வதற்கு அது நல்ல மருந்து. ஆனால் மேலே சொன்ன 2 மீட்டர் சுருக்கத்தில் நொடிக்கு 120 ஃபிரேம் என்று வைத்துப் பாருங்கள்: 24 என்பது 48 ஆகிறது. பிழையை வேகமாக மாற்றும் முறை அப்படியே இருக்கும்வரை, நேர்த்தியைக் கூட்டுவது எறியும் வேகத்தையும் கூட்டும். வேகத்தையே வைத்துக்கொள்ளாமல், முந்தைய இடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து அதைப் பெறும் வெர்லே முறையும் தப்பவில்லை. தாமஸ் யாகோப்சன் ‘ஹிட்மேன்’ முதல் கேமுக்குப் பயன்படுத்தி 2001இல் விளக்கிய இம்முறை துணிக்கும் உடலுக்கும் அருமையாகப் பொருந்தியது. ஆனால் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும்போது ஒரே ஃபிரேமில் 2 மீட்டர் இழுத்துவைத்தால், அதன் கண்ணில் அது நொடிக்கு 120 மீட்டர் வேகம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வேகம் கூடுவதே இயற்கைதானே, அதைப் பிழை என்பது ஏன்? ஆடிக்கொண்டிருக்கும்போது கயிற்றைச் சுருக்கினால் வேகம் கூடத்தான் வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் கயிற்றில் சுற்றுபவர், அதை 8 மீட்டராக்கினால் 12.5 மீட்டர் வேகம் பெறுவார். சுருக்கியவர் செய்த வேலை அந்த ஆற்றலாகிறது. இந்த வேகம் சுற்றும் திசையில் வருகிறது. பொய்யான வேகமோ கயிற்றின் திசையில் வருகிறது. அதுவே இரண்டையும் பிரித்தறியும் வழி. பாத்திரத்தை அசையாமல் தொங்கவிட்டுக் கயிற்றைச் சுருக்கி, கயிற்றுத் திசை வேகத்தை அச்சிட்டுப் பார்த்தால் போதும். சுருக்கும் வேகத்தைவிட அது மிகுந்தால் எஞ்சின் இனாமாக ஆற்றல் கொடுக்கிறது என்று பொருள். உமிஹாரா கவாசேயின் நூல் எறிவதை ரசிக்கிறோமே என்றால், அந்த நெகிழ்ச்சி வேண்டுமென்றே வைத்தது. ஒரே வீச்சுக்கு ஒரே விளைவு வருவதால் ஆட்டக்காரர் அதைக் கற்க முடிகிறது. ஃபிரேம் தடுமாறும்போதெல்லாம் மாறும் எறிதலை யாரும் கற்க முடியாது.

பொது எஞ்சினின் இணைப்பை விட்டுவிட்டுப் பாத்திரத்துக்கென்று தனியாக எழுதும் கணக்கு, கைக்கு வந்த தீர்வுகளில் மிக எளியது. `n` பிடிமானத்திலிருந்து பாத்திரத்தை நோக்கிய திசை. `reel` கயிறு சுருங்கும் வேகம்:

```
L -= reel * dt;
if (dist > L) {
    pos = anchor + n * L;
    float vr = dot(vel, n);
    if (vr > -reel) vel -= n * (vr + reel);
}
```

இடத்தைத் திருத்துவது வேகத்தைத் தொடுவதில்லை. வேகத்தில் கழிக்கப்படுவது கயிற்றுக்கு எதிராகப் போகும் பகுதி மட்டும். இதுவும் முழுத் துல்லியமல்ல. 10 மீட்டர் கயிற்றில், நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடவிட்டால் பாத்திரம் நொடிக்கு ஏறத்தாழ 2 சதவீத வேகத்தை இழக்கும். ஆட்டக்காரர் அதைக் காற்றின் தடை என்று நினைத்துக்கொள்வார், அல்லது கவனிக்கவே மாட்டார். இழக்கும் பிழை அடங்கிவிடும், சேர்க்கும் பிழை வளரும். தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் முதலாவதே மேல்.

எஞ்சின்களும் மெல்ல இதே பக்கம் வந்திருக்கின்றன. பாக்ஸ்2டி 2020இல் வந்த 2.4 பதிப்பில் கயிற்று இணைப்பைத் தனியாக வைத்திருக்காமல், குறைந்த நீளமும் உச்ச நீளமும் கொண்ட தூர இணைப்புக்குள் சேர்த்துவிட்டது. 2024இல் வந்த மூன்றாம் பதிப்பு ஃபிரேமை உட்துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் பிழையைத் திருத்திய பிறகு இன்னொரு சுற்று ஓடுகிறது. திருத்தத்துக்காகக் கடனாகக் கொடுத்த வேகத்தைத் திரும்ப எடுப்பதே அந்தச் சுற்றின் வேலை.