கன்வெர்டிபிள் நோட்

கன்வெர்டிபிள் நோட் என்பது தொடக்கநிலை நிறுவனம் ஒன்று கடனாகப் பெற்று, அடுத்த முதலீட்டுச் சுற்றில் பங்குகளாக மாற்றிக் கொடுக்கும் விதைநிதி ஆவணம். தொழில் தொடங்கிய புதிதில் நிறுவனத்தின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வது கடினம். அந்தப் பேரத்தைப் பின்னால் வரும் பெரிய முதலீட்டாளரிடம் விட்டுவிட்டு, பணத்தை மட்டும் இப்போதே வாங்கிக்கொள்ள நோட் வழிசெய்கிறது. பங்காக மாறும் நாள் வரை அது கடன்தான். கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

இந்தியாவில் இதற்கு இடமளிப்பது நிறுவனங்களின் வைப்புத்தொகை விதிகள், 2014. அதில் 2016-இல் செய்த திருத்தத்தின்படி, அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அங்கீகரித்த ஸ்டார்ட்அப் ஒன்று, ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் 25 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ நோட் மூலம் பெற்றால் அது வைப்புத்தொகை ஆகாது. பங்காக மாற்றவோ திருப்பித் தரவோ முதலில் ஐந்தாண்டு வரை இருந்த காலவரம்பு, 2020-இல் பத்தாண்டாக நீட்டப்பட்டது. ‘ஒரே தவணை’ என்ற நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் இந்த மாதம் 15 லட்சமும் அடுத்த மாதம் 10 லட்சமும் அனுப்பினால் விலக்கு கிடைக்காது. வங்கி அறிக்கையைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். கடனைப் பங்காக மாற்றும் நிபந்தனைக்குப் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானத்தால் ஒப்புதல் தரவேண்டும். அதுவும் நோட் வழங்குவதற்கு முன்பே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரூ. 10 முகமதிப்பில் 2,00,000 பங்குகள் கொண்ட நிறுவனம், 2023 ஏப்ரல் 1 அன்று உள்நாட்டு முதலீட்டாளர் ஒருவரிடம் ரூ. 30 லட்சம் பெறுகிறது. ஆண்டுக்கு 10% தனிவட்டி. அடுத்த சுற்று விலையில் 20% தள்ளுபடி. மதிப்பின் உச்சவரம்பு ரூ. 6 கோடி. பணம் வந்த அன்று வங்கிக் கணக்கு பற்று, கன்வெர்டிபிள் நோட் கணக்கு வரவு. இருப்புநிலைக் குறிப்பில் இது நீண்டகாலக் கடன்களின் கீழ் வரும். பங்கு விண்ணப்பப் பணம் என்றோ மூலதனம் என்றோ எழுதுவது தவறு.

ஒவ்வோர் ஆண்டும் ரூ. 3 லட்சம் வட்டிச் செலவாகிறது. கையில் எதுவும் கொடுக்காவிட்டாலும், வட்டியைக் கணக்கில் எழுதும்போதே 10% டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். ஆகவே ஆண்டுக்கு ரூ. 30,000 ரொக்கமாக வெளியேறும், மீதி ரூ. 2,70,000 முதலீட்டாளருக்குக் கொடுபட வேண்டிய வட்டியாக நிற்கும். பணம் தட்டுப்பாடான சிறு நிறுவனங்கள் தவறவிடுவது இந்தப் பதிவைத்தான். புதிய முதலீட்டாளரின் தணிக்கையாளர் நோட் ஒப்பந்தத்தையும் வட்டிக் கணக்கையும் அருகருகே வைத்தவுடன் இது வெளிப்பட்டு, பல மாத வட்டியோடு வரி கட்ட நேரிடுகிறது.

2025 ஏப்ரல் 1 அன்று ரூ. 10 கோடி மதிப்பில் புதிய சுற்று முடிகிறது. பங்கு ஒன்று ரூ. 500. தள்ளுபடி விலை ரூ. 400. உச்சவரம்பை 2,00,000 பங்குகளால் வகுத்தால் ரூ. 300. இரண்டில் குறைந்த விலையே நோட்டுக்காரருக்கு உரியது. அசல் 30 லட்சமும் நிகர வட்டி 5.4 லட்சமும் சேர்ந்த ரூ. 35.4 லட்சத்துக்கு 11,800 பங்குகள் கிடைக்கும். புதியவரின் விலையில் 7,080 மட்டுமே கிடைத்திருக்கும். அன்றைய குறிப்பேட்டுப் பதிவு:

கன்வெர்டிபிள் நோட் க/கு – பற்று ரூ. 30,00,000
கொடுபட வேண்டிய வட்டி க/கு – பற்று ரூ. 5,40,000
பங்கு மூலதனம் க/கு – வரவு ரூ. 1,18,000
பத்திர முனைமம் க/கு – வரவு ரூ. 34,22,000

மூலதனத்துக்குப் போவது முகமதிப்பு மட்டுமே. கடன் மறைந்து நிகர மதிப்பு கூடுகிறது. வங்கியில் ஒரு ரூபாயும் புதிதாக வரவில்லை. பங்கு ஒதுக்கீட்டை PAS-3 படிவத்தில் நிறுவனப் பதிவாளரிடம் தெரிவிக்கவேண்டும்.

இந்த எளிய முறை பழைய கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கானது. பட்டியலிடாத நிறுவனங்களில் நிகர மதிப்பு ரூ. 250 கோடியைத் தொட்டவற்றுக்கு இந்திய கணக்கியல் தரநிலைகள் கட்டாயம். அங்கே, கிடைக்கப்போகும் பங்குகளின் எண்ணிக்கை முன்பே நிலையாக இல்லாததால் மாற்றும் உரிமையைப் பங்கு முதலாகக் காட்ட முடியாது. நோட் முழுவதையும் நியாய மதிப்பில் அளந்தால், மேற்கண்ட 11,800 பங்குகள் ரூ. 500 வீதம் ரூ. 59 லட்சம் பெறும், கூடுதல் ரூ. 23.6 லட்சம், மாற்றத்துக்கு முன்பே இலாப நட்டக் கணக்கில் செலவாக விழும். நிறுவனம் வளர்ந்ததால் வந்த நட்டம் இது. நிறுவனர்களுக்கு இதை முதல்முறை விளக்குவது எளிதல்ல.

அடுத்த சுற்றே வராமல் முதிர்வு நெருங்கினால், கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் நோட் குறுகியகாலக் கடன்களின் கீழ் இடம் மாறும். ஒப்பந்தத்தில் முதிர்வின்போது எந்த விலையில் மாற்றுவது என்று எழுதியிருக்காவிட்டால், முதலீட்டாளர் அசலையும் வட்டியையும் கடன் கொடுத்தவராகவே கேட்கலாம்.