நியாயமான எதிர்பார்ப்பும் விகிதாசாரமும்

அரசு அதிகாரியின் விருப்புரிமையை நீதிமன்றம் அளந்து பார்க்கப் பயன்படுத்தும் நிர்வாகச் சட்டக் கோட்பாடுகள் இரண்டு. அரசு வெளிப்படையாக வாக்குக் கொடுத்திருந்தாலோ, ஒரு வழக்கத்தை நெடுநாள் கடைப்பிடித்திருந்தாலோ, திடீரென்று அதிலிருந்து விலகுவதற்கு அது நியாயம் காட்டியாக வேண்டும். இது நியாயமான எதிர்பார்ப்பு. அடைய நினைத்த நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டி ஒருவருடைய உரிமையை அரசு நசுக்கக் கூடாது. இது விகிதாசாரம். இரண்டும் மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பெயர்களைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் விகிதாசாரத்தின் உள்ளடக்கம் அந்தப் பெயர் இங்கே வந்து சேரும் முன்பே சென்னையில் பிறந்த ஒரு வழக்கில் எழுதப்பட்டுவிட்டது.

சென்னை மாநில அரசு 1950 மார்ச் 10 அன்று ஓர் அரசாணையால் மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. சங்கத்தின் பொதுச் செயலாளர் வழக்கறிஞர் வி.ஜி. ராவ். சங்கம் பொது அமைதிக்கு ஆபத்தானது என்று அரசு கருதியதே ஆணைக்குப் போதுமான காரணம். ஆணையை அரசிதழில் வெளியிட்டால் போதும், சங்கத்தாருக்கு நேரில் தர வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். அதை ஆலோசனைக் குழு ஒன்று பார்க்கும். நீதிமன்ற விசாரணை கிடையாது. உறுப்பினர்களுக்குச் சிறை, சங்கச் சொத்து பறிமுதல் என்று விளைவுகள் மட்டும் கடுமையாக இருந்தன.

ராவ் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அரசின் முறையீட்டைத் தள்ளினார். கட்டுப்பாடு நியாயமானதா என்பதற்கு எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே அச்சு இல்லை என்றார். பறிக்கப்படும் உரிமை எத்தகையது, கட்டுப்பாட்டின் நோக்கம் என்ன, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, விதித்த சுமை அந்தத் தீமைக்கு மிஞ்சியதா, அன்றைய சூழல் என்ன ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீதிபதி பார்க்க வேண்டும் என்றார். அரசின் மனத்திருப்தியும் ஆலோசனைக் குழுவும் மட்டும் சங்கம் அமைக்கும் உரிமையைப் பறிக்கப் போதாது என்பது முடிவு. சுமை தீமைக்கு மிஞ்சியதா என்ற அந்த ஒரு கேள்விதான் பிற்காலத்தில் விகிதாசாரம் என்று அழைக்கப்பட்டது.

அதே காலத்தில் இங்கிலாந்தின் அளவுகோல் இதைவிட மிகத் தளர்வாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காட்சிக்குப் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிக்கக் கூடாது என்று வெட்னஸ்பரி நகராட்சி ஒரு திரையரங்குக்கு நிபந்தனை விதித்தது. 1947இல் அங்குள்ள நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. சுயபுத்தியுள்ள எந்த அதிகாரியும் எடுக்கவே முடியாத முடிவாக இருந்தால் மட்டுமே ரத்து செய்வோம் என்றது. இந்த அளவுகோலில் அதிகாரிகள் தோற்பது அபூர்வம். முட்டாள்தனமான முடிவு வேறு, கண்மூடித்தனமான முடிவு வேறு. பின்னதுதான் இதில் சிக்கும். 1984இல் டிப்லாக் பிரபு நிர்வாக முடிவுகளைத் தாக்குவதற்கான காரணங்களைச் சட்ட மீறல், பகுத்தறிவின்மை, நடைமுறைக் குறை என்று மூன்றாகப் பிரித்து, விகிதாசாரம் நான்காவதாக ஒருநாள் சேரலாம் என்று சொல்லிவைத்தார்.

இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை. ரஞ்சித் தாக்கூர் என்ற ராணுவ வீரர் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தார். கொடுத்த உணவை உண்ண மறுத்தார் என்ற குற்றத்துக்கு ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுக் கடுங்காவலும் பணிநீக்கமும் விதித்தது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் ஒட்டே இல்லை என்று 1987இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2000இல் ஓம்குமார் வழக்கில் நீதிபதி ஜகந்நாத ராவ் இன்றுவரை செல்லுபடியாகும் ஒரு கோட்டைப் போட்டார். பேச்சு, தொழில், சங்கம் போன்ற அடிப்படை உரிமைகளை ஆணை தொட்டாலோ, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துப் பாகுபாடு காட்டினாலோ நீதிமன்றமே தராசைப் பிடிக்கும். வெறும் தன்னிச்சை என்ற புகாராகவோ, துறைத் தண்டனை மிகை என்ற புகாராகவோ இருந்தால் பழைய வெட்னஸ்பரி கண்ணாடிதான். எனவே வழக்குப் போடுபவர் முதலில் யோசிக்க வேண்டியது, தன் குறை இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பது. தவறான பக்கத்தில் நின்று விகிதாசாரம் பேசும் மனுக்கள் பல முதல் கட்டத்திலேயே விழுகின்றன.

எதிர்பார்ப்புக் கோட்பாட்டுக்கு முதலில் பெயர் வைத்தவர் டென்னிங் பிரபு, 1960களின் இறுதியில். இங்கிலாந்தில் தங்கியிருந்த வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் அனுமதிக் காலம் முடிந்தபின் நீட்டிப்பு மறுக்கப்பட்டது. காலம் முடியும் முன்பே அனுமதியைப் பறித்திருந்தால் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். காலம் முடிந்துவிட்டதால் எதிர்பார்க்க எதுவும் இல்லை என்றார். இந்தியாவில் 1992இல் நவஜோதி வீட்டுவசதிச் சங்க வழக்கு. டெல்லியில் பதிவு செய்த தேதி வரிசையில் சங்கங்களுக்கு நிலம் தருவது வழக்கமாக இருந்தது. 1990 ஜனவரியில் ஒரு குறிப்பாணை, உறுப்பினர் பட்டியல் இறுதியாக ஒப்புதல் பெற்ற தேதியை அளவாக மாற்றியது. பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்ற சங்கங்கள் பின்னால் போயின. வரிசையை மாற்றும் முன் அவர்கள் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

இரண்டே ஆண்டில் சென்னை மதுக்கடைக்காரர்கள் அதே வாதத்தோடு வந்தார்கள். கடையோடு ஒட்டிய பார் நடத்த 1992இல் தமிழக அரசு விதி செய்து உரிமம் தந்தது. பிறகு அந்த விதியையே நீக்கியது. புதுப்பிப்பை நம்பிச் செலவு செய்தோம் என்றார்கள் உரிமதாரர்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வெளிப்படை வாக்குறுதியோ தொடர்ந்த வழக்கமோ இருந்து, எதிர்பார்ப்பும் நியாயமாக இருந்தால் கோட்பாடு வரும். பொதுநலனுக்காக விதியோ சட்டமோ மாறிவிட்டால் அது வராது என்றது. குறிப்பாணையால் செய்த மாற்றத்துக்கும் விதியாலேயே செய்த மாற்றத்துக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் பல வழக்குகளின் முடிவைத் தீர்மானிக்கிறது.

அதன் பிறகு கோட்பாடு கேட்கப்படும் உரிமையைத் தாண்டி வளர்ந்தது. 2020இல் ஜார்க்கண்ட் அரசுக்கு எதிரான பிரம்மபுத்ரா மெட்டாலிக்ஸ் வழக்கு ஒரு படி. 2012 தொழில் கொள்கையில் மின்வரித் தள்ளுபடி வாக்களித்த அரசு, அதற்கான அறிவிக்கையை உரிய நேரத்தில் வெளியிடாமல் 2015 ஜனவரியில் வெளியிட்டு, இனிமேலுக்கு மட்டும் என்றது. தாமதத்துக்கு அரசிடம் விளக்கமே இல்லை. இதை அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவு தடுக்கும் தன்னிச்சைப் போக்கு என்று நீதிமன்றம் கண்டது.

அடுத்த படி, கேரள மாவட்ட நீதிபதித் தேர்வு. எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு இரண்டின் கூட்டு மதிப்பெண்ணே தரவரிசை, நேர்முகத்துக்குத் தனிக் குறைந்தபட்சம் கிடையாது என்று உயர் நீதிமன்றம் 2015இல் அறிவித்திருந்தது. நேர்முகமும் முடிந்தபின் 2017 பிப்ரவரியில் அதன் நிர்வாகக் குழு நேர்முகத்துக்கு ஒரு குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் புகுத்தியது. கூட்டு மதிப்பெண்ணில் முன்னே நின்ற சிலர் இதனால் வெளியேறினார்கள்; அவர்களைவிடக் குறைவாக எடுத்தவர்கள் உள்ளே போனார்கள். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 ஜூலையில் இதைத் தவறு என்றது. தகுதியான நீதிபதி வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றியதை அது காப்பாற்றவில்லை. சரி, வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது? நியமிக்கப்பட்டவர்கள் ஆறாண்டுகள் பணியாற்றிவிட்டார்கள், அவர்களை இறக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோட்பாடு வென்றது, பதவி கிடைக்கவில்லை. முதல் விசாரணையிலேயே இடைக்காலத் தடை வாங்காத மனுதாரருக்கு இதுதான் பெரும்பாலும் நேர்கிறது.

மரக்காணம் உப்பளக் கரையை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அரசு நிலத்தில் குத்தகை எடுத்து உப்பு வாரும் ஒருவருக்குப் பல முறை தவறாமல் குத்தகை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இம்முறை ஒரு வரிக் கடிதத்தில் மறுக்கிறார்கள். அவரிடம் நீதிமன்றம் முதலில் கேட்பது, முந்தைய புதுப்பிப்பு ஆணைகள் எங்கே என்பதை. வாய்மொழி உறுதி போதாது. அதைத் தர அதிகாரமில்லாதவர் எழுதிக் கொடுத்த தாளும் போதாது. அடுத்து, குத்தகைப் பத்திரத்தில் புதுப்பிப்பது அரசின் இஷ்டம் என்று எழுதியிருந்தால் எதிர்பார்ப்பு மெலிந்துவிடும். அதையும் தாண்டினால் சுமை அரசின் பக்கம் போகும்: ஏன் மாற்றினோம் என்று கோப்பிலிருந்தே காட்ட வேண்டும். வழக்கு வந்தபின் எதிர்மனுவில் புதிதாகக் கோத்த காரணத்தை நீதிமன்றம் ஏற்பதில்லை. 1977இலேயே மொகிந்தர் சிங் கில் வழக்கில் அது தீர்ந்த விஷயம்.

அதே குத்தகை, வாடகை ஒரு முறை தாமதமானதற்காகப் பாதியில் ரத்தானால் கேள்வி மாறுகிறது. ரத்து செய்வதால் வாடகை வசூலாகுமா, தண்ட வட்டியோடு எச்சரித்திருந்தால் அதே பலன் கிடைத்திருக்காதா, கரை கட்டிப் பாத்தி அமைத்த செலவு எல்லாம் போவது அந்தத் தாமதத்துக்கு ஈடா? 2016 மாடர்ன் டென்டல் கல்லூரி வழக்கு வகுத்த படிகள் இவைதான்: நோக்கம் முறையானதா, வழி அதற்குப் பொருந்துமா, இதைவிடக் குறைவாகத் துன்பப்படுத்தும் வழி இல்லையா, கடைசியில் பலனும் பாதிப்பும் சமனாகின்றனவா. மூன்றாவது கேள்வியில்தான் அரசுகள் அதிகம் தடுமாறுகின்றன. மாற்று வழியை யோசித்ததாகக் கோப்பில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

கோட்பாட்டின் எல்லையை ஆரோவில் வழக்கு ஒன்றில் பார்க்கலாம். ஆரோவில்லின் நகர வளர்ச்சிக் குழுவை அறக்கட்டளையின் நிர்வாகக் குழு 2022 ஜூன் 1 அன்று ஒரு நிலையாணையால் மாற்றியமைத்தது. குடியிருப்போர் பேரவையைக் கலக்காமல் செய்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஆணையை ரத்து செய்தது. 2025 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. வழக்கு நியாயமான எதிர்பார்ப்பின் மேல் நின்றதல்ல. 1988 ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தின் பொருள் பற்றியது. ஆனால் கற்க வேண்டியது இங்கும் உண்டு. அந்தச் சட்டப்படி நிர்வாகம் நிர்வாகக் குழுவிடம். பேரவைக்கு இருப்பது ஆலோசனை சொல்லும் பங்கு. கூடிப் பேசி முடிவெடுப்பதே தங்கள் பழக்கம் என்று குடியிருப்போர் எவ்வளவு உறுதியாக நம்பினாலும், சட்டம் தராத அதிகாரத்தைப் பழக்கம் தந்துவிடாது. மனுதாரர் தூய கையோடு வரவில்லை என்று கூறி நீதிமன்றம் 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது.