குறுந்தொகையில் எது குறுகியது?

ரொம்ப நாளாக குறுந்தொகை என்றால் சின்னப் புத்தகம் என்றே நினைத்திருந்தேன். தாம்பரத்தில் உரையோடு வாங்கிய பிரதியோ செங்கல் கனம்! கடவுள் வாழ்த்தை விட்டாலும் 401 பாடல்கள். நற்றிணையிலும் அகநானூற்றிலும் 400தான். அப்புறம் எது 'குறு'?

அடிதான் நண்பர்களே. தொகை என்றால் தொகுப்பு. மூன்றும் அகப்பாடல்கள் என்பதால் தொகுத்தவர்கள் அடிகளை எண்ணிப் பிரித்திருக்கிறார்கள். 4 முதல் 8 அடி வரை உள்ளவை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்றும் பெயர் வந்தது இதனால்தான். நடுவில் மாட்டிக்கொண்ட நற்றிணையைக் குட்டை என்றும் சொல்ல முடியாது, நெட்டை என்றும் சொல்ல முடியாது. அது 'நல்ல திணை' ஆகிவிட்டது. (பாவம், எனக்கென்னவோ இதுதான் அழகான பெயர்.)

ஆனால் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. நூலின் பழைய குறிப்பு 8 அடிதான் உச்சவரம்பு என்கிறது. 307, 391 ஆகிய இரண்டு பாடல்களுக்கோ 9 அடி! இந்த இரண்டில் ஒன்று பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. அதை எடுத்துவிட்டால் 401 சரியாக 400 ஆகிவிடும். சரி, எதை எடுப்பது?