31 செ.மீ. முதல் 34 செ.மீ. வரை: ஒரு டெய்லர் டேப்பின் கதை

உங்க வீட்டில் 65 வயதைத் தாண்டிய அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது இருக்காங்களா? துணி தைக்க அளவெடுக்கும் டேப் ஒன்று இருக்கா? இந்த இரண்டும் இருந்தால் இந்த இழை உங்களுக்குத்தான்.

முழங்காலுக்குக் கீழே, காலின் பின்பக்கம் திரண்டு நிற்கும் சதையை கெண்டைக்கால் சதை என்கிறோம். சில ஊர்களில் ஆடுசதை. முதியவரின் உடம்பில் தசை குறைந்திருக்கிறதா என்று சந்தேகப்பட இந்த இடத்தின் சுற்றளவு ஒன்றே போதும் என்று உலகம் முழுக்க மருத்துவர்கள் டேப் வைத்து அளக்கிறார்கள். ஆனால் எத்தனை செ.மீ.க்குக் கீழே போனால் கவலைப்படணும் என்பதில் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. அது தெரியாமல் அளந்தால், ஆபத்தில் இருப்பவரையே "நல்லா இருக்கீங்க" என்று அனுப்பிவிடுவோம்.

முதலில், ஏன் கெண்டைக்கால்?

புஜத்திலும் தொடையிலும் தோலுக்கடியில் கொழுப்பு நிறைய சேரும். அங்கே டேப் வைத்தால் தசையை அளக்கிறோமா, கொழுப்பை அளக்கிறோமா என்றே தெரியாது. கெண்டைக்காலில் ஒப்பீட்டளவில் கொழுப்பு குறைவு, தசை அதிகம். அதுவும் நிற்கும்போது, நடக்கும்போது, மாடி ஏறும்போது உழைக்கும் தசை. ஒருவர் நடமாட்டத்தைக் குறைத்தால் இது சீக்கிரம் வற்ற ஆரம்பிக்கும். நாலு வாரம் மாவுக்கட்டில் இருந்த காலைக் கட்டு பிரித்ததும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இப்ப கதைக்கு வருவோம்.

1980களில் அமெரிக்காவில் சும்லியா என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஒரு நடைமுறைச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவரை எடை மெஷினில் நிறுத்த முடியாது. எடை தெரியாமல் மருந்தின் அளவையும் உணவையும் எப்படி முடிவு செய்வது? முழங்கால் உயரம், கெண்டைக்கால் சுற்றளவு, புஜத்தின் சுற்றளவு, தோல் மடிப்பின் தடிமன் ஆகியவற்றை வைத்து எடையைக் கணிக்கும் சூத்திரத்தை 1988இல் வெளியிட்டார்கள். ஆக, அங்கே கெண்டைக்கால் எடை மெஷினுக்கு மாற்றாகத்தான் வேலை பார்த்தது. தசை பற்றிய கேள்வி இன்னும் வரவில்லை.

அதே 1988இல் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகரில் ஒரு மருத்துவக் கூட்டம். அங்கே இர்வின் ரோசன்பர்க் ஒரு விஷயத்தை எழுப்பினார். வயதாக ஆக தசை கரைவது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, ஆனால் அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. பெயர் இல்லாததால் யாரும் அதைத் தனியாக ஆராய்வதில்லை. கிரேக்கச் சொற்களிலிருந்து அவர் வைத்த பெயர்தான் 'சார்கோபீனியா'. சதைக் குறைவு என்று பொருள்.

பெயர் வந்தாச்சு. அளப்பது எப்படி?

1994இல் துலூஸ், அல்புகர்க்கி உள்ளிட்ட ஊர்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து முதியவர்களுக்கான ஊட்டச்சத்து வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். 18 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். அதில் கெண்டைக்கால் சுற்றளவு 31 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 1 மதிப்பெண், குறைந்தால் பூஜ்யம். அடுத்த வருடமே, அதாவது 1995இல், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அறிக்கையும் முதியவரின் தசை அளவைக் காட்ட கெண்டைக்கால் சுற்றளவு நல்ல அளவீடு என்று ஆதரித்தது.

31 என்ற எண் இப்படித்தான் பிரபலமானது. ஆனால் ஒன்றைக் கவனிங்க. 30 மதிப்பெண்ணில் 1 மதிப்பெண்ணுக்காக வந்த எண் அது. தசை இருக்கா இல்லையா என்று தனியாகத் தீர்ப்பு சொல்ல வந்ததல்ல.

தனியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்தவர் பிரான்சின் ஈவ் ரோலாண்ட். 70 வயதைத் தாண்டிய 1,458 பிரெஞ்சுப் பெண்களின் கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தார்கள். அதே பெண்களின் தசை அளவை டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனிலும் பார்த்தார்கள். எலும்பு, கொழுப்பு, தசை மூன்றையும் பிரித்துக் காட்டும் ஸ்கேன் அது. 2003இல் முடிவு வந்தது.

எளிதாகச் சொல்றேன். ஸ்கேனில் தசை குறைவு என்று தெரிந்த 100 பேரை எடுத்துக்கொண்டால், 31 செ.மீ. என்ற கோடு அவர்களில் 44 பேரைத்தான் பிடித்தது. மீதி 56 பேர் தப்பிவிட்டார்கள். இன்னொரு பக்கம், தசை சரியாக இருந்த 100 பேரில் 91 பேரை "சரி" என்று சரியாகவே சொன்னது.

இதன் அர்த்தம் என்ன? 31க்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. 31க்கு மேலே இருந்தால் பிரச்சினை இல்லை என்று சொல்லவே முடியாது. ரோலாண்ட் குழுவும் இந்த அளவை மட்டும் வைத்து சார்கோபீனியாவைக் கணிக்க முடியாது என்றே எழுதியது. ஆனால் கூடவே இன்னொன்றையும் கண்டார்கள். கெண்டைக்கால் மெலிந்த பெண்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்வதிலும் அதிகச் சிரமம் இருந்தது. ஆக, டேப் வெறும் சதையை மட்டும் காட்டவில்லை.

சரி, கோட்டை மேலே ஏற்றினால்? அதைத்தான் அடுத்து செய்தார்கள். 2015இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 என்று முன்வைத்தது. 2019இல் ஆசிய சார்கோபீனியா நிபுணர் குழு இதே எண்களை எடுத்துக்கொண்டது. ஆணுக்கு 34க்குக் கீழே, பெண்ணுக்கு 33க்குக் கீழே என்றால் அடுத்த கட்டப் பரிசோதனைக்குப் போகணும். கோடு மேலே ஏறினால் தேவையில்லாமல் சிலர் மாட்டுவார்கள், உண்மைதான். ஆனால் முதல் சல்லடை கொஞ்சம் நெருக்கமாக இருப்பதே நல்லது. அடுத்த சல்லடையில் அவர்களை விட்டுவிடலாம்.

டேப்கூட இல்லையா? டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஈஜிமா குழு அதற்கும் வழி சொன்னது. உட்கார்ந்து முன்னால் குனிந்து, இரு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம். அதைக் கெண்டைக்காலின் தடித்த இடத்தில் அழுத்தாமல் வைக்கணும். விரல்கள் தொடாவிட்டால் நல்லது. சரியாகத் தொட்டால் கவனம். உள்ளே இடைவெளி விழுந்தால் சந்தேகம் வலுக்கிறது. அவரவர் கை அவரவர் உடம்புக்கு ஏற்ற அளவில் இருப்பதுதான் இதன் அழகு.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இன்னும் அடைபடவில்லை. கெண்டைக்காலில் கொழுப்பு குறைவு என்றுதானே சொன்னேன், இல்லவே இல்லை என்று சொல்லலையே! உடல் பருமனானவருக்கு அங்கேயும் கொழுப்பு ஏறும். தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடும். டேப் ஏமாந்துவிடும்.

2021இல் கொன்சாலெஸ் குழு அமெரிக்க தேசிய ஆய்வின் தரவுகளை வைத்து இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தது. பிஎம்ஐ 25 முதல் 29.9 வரை இருந்தால் அளந்ததில் 3 செ.மீ. கழிக்கணும். 30 முதல் 39.9 வரை என்றால் 7 கழிக்கணும். 18.5க்குக் கீழே ஒல்லியாக இருந்தால் 4 கூட்டணும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 72 வயது பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்க. உயரம் 150 செ.மீ., எடை 65 கிலோ. "அம்மாவுக்கு என்ன சார், நல்லா பூசினாப்லதான் இருக்காங்க" என்கிறார் மகன். கெண்டைக்கால் 35 செ.மீ. பழைய 31இலும் பாஸ், ஆசிய 33இலும் பாஸ்.

இப்ப பிஎம்ஐ பாருங்க. 65ஐ 1.5ஆல் வகுத்து, மறுபடியும் 1.5ஆல் வகுத்தால் 28.9. ஆகவே 3 கழிக்கணும். 35 இப்போது 32 ஆகிறது. 33க்குக் கீழே! கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்றோம். 16 விநாடி ஆகுது. ஆசியக் குழுவின் கணக்கில் 12 விநாடி ஆனாலே தசை பலவீனம் என்று சந்தேகிக்கணும். பூசினாற்போல இருந்த உடம்புக்குள் தசை கரைந்துகொண்டிருந்தது எடை மெஷினுக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. இந்தப் பாட்டி நாளை குளியலறையில் தடுமாறினால் தாங்கிப் பிடிக்க வேண்டிய தசை அதுதான்.

வீட்டில் அளப்பது எப்படி?

நாற்காலியில் உட்கார வைங்க. முழங்கால் 90 பாகையில் மடங்கியிருக்கணும், பாதம் தரையில் படியணும். வேட்டியோ பேண்ட்டோ முழங்காலுக்கு மேலே. நீளாத டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, மேலும் கீழும் நகர்த்தி அதிகபட்ச சுற்றளவைக் கண்டுபிடிங்க. டேப் தோலைத் தொடணும், சதையை அமுக்கக் கூடாது. இரண்டு கால்களையும் அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கோங்க. காலையிலேயே அளப்பது நல்லது, சாயங்காலம் ஆக ஆக காலில் நீர் இறங்கும்.

அளக்கும் முன் கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்திப் பாருங்க. குழி விழுந்தால் அது நீர் வீக்கம். அங்கே டேப் காட்டும் எண்ணை நம்பாதீங்க. இதயம், சிறுநீரகம், கல்லீரல், சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் என்று வீக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு, முதலில் அதைப் பாருங்க. யானைக்கால், போலியோ, பக்கவாதம் பாதித்த காலையும் கணக்கில் எடுக்காதீங்க. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் டேப்பை வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்க. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

அடுத்த முறை அளந்து அரை செ.மீ. குறைந்தால் பதறவும் வேண்டாம். அது டேப் பிடித்த கையின் வித்தியாசமாகவே இருக்கலாம்.

எண் குறைவாக வந்தால் அது நோயின் பெயர் இல்லை. பிடிவலு, எழுந்து உட்காரும் நேரம், முடிந்தால் ஸ்கேன் என்று அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லும் சீட்டு. சமீபத்தில் எடை குறைந்ததா, பல் இல்லாமல் சாப்பாடு குறைந்ததா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கா என்று உங்க மருத்துவர் கேட்பார். புரத உணவைக் கூட்டும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கு என்று பார்த்துக்கணும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைங்க. 34, 33 என்பவை பெரும்பாலும் கிழக்காசியர்களை அளந்து வந்த எண்கள். பிஎம்ஐ திருத்தம் அமெரிக்கர்களை அளந்து வந்தது. நம்ம பாட்டிக்கு இரண்டுமே இரவல் சட்டைதான். அதனால் எண் பாஸ் ஆனாலும், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இழுத்து ஏறுகிறார், தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் தேடுகிறார் என்றால், டேப்பை விட அந்தப் படிக்கட்டை நம்புங்க.