சமநிலை ரோபோவின் சாய்வுக் கணிப்பில் கால மாறிலி: நிரப்பு வடிப்பானின் அளவுத் தேர்வு

இரு சக்கரங்களின் மேல் தலைகீழ் ஊசலைப் போல நின்று, சாயும் பக்கமாகவே சக்கரங்களை ஓட்டித் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் ரோபோவுக்குத் தன் சாய்வுக் கோணம் ஒவ்வொரு கணமும் தெரிந்தாக வேண்டும். ஆனால் அதில் பொருத்தப்படும் இரு உணரிகளில் எதுவும் அக்கோணத்தை நம்பத்தக்க வகையில் தனித்துத் தருவதில்லை. ஜைரோ அளப்பது கோணத் திசைவேகத்தை, அதாவது உடல் நொடிக்கு எத்தனை பாகை திரும்புகிறது என்பதை. அதைக் காலத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் கோணம் கிடைக்கும். அசையாதிருக்கும்போதும் ஜைரோ காட்டும் சிறு பொய் வேகம், அதாவது சுழிப் பிழை, அந்தக் கூட்டலில் சேர்ந்துகொண்டே போவதால், நொடிக்கு 0.5° பிழை ஒரு நிமிடத்தில் 30° ஆகிவிடுகிறது. முடுக்கமானியோ புவியீர்ப்பின் திசையை நேரடியாகக் காட்டுவதால் அதன் பிழை இவ்வாறு குவிவதில்லை. ஆயினும் ஈர்ப்பையும் ரோபோவின் சொந்த முடுக்கத்தையும் அதனால் பிரித்தறிய இயலாது.

இவ்விரண்டையும் இணைக்கும் எளிய வழி நிரப்பு வடிப்பான். விரைந்து மாறும் பகுதியை ஜைரோவிடமிருந்தும் மெல்ல மாறும் பகுதியை முடுக்கமானியிடமிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. இரு பகுதிகளின் எடைகளும் எல்லா அதிர்வெண்களிலும் கூடி ஒன்றாகும்படி அமைவதால் இப்பெயர் பெற்றது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஷேன் கோல்டன் 2007இல் சமநிலை மேடைகளுக்காக எழுதிய குறிப்பில் இது ஒரே வரியாக அமைகிறது:

```
angle = a*(angle + gyro*dt) + (1-a)*accAngle;
```

இங்கு `dt` என்பது இரு அளவீடுகளுக்கு இடைப்பட்ட நேரம். `a` என்பது ஜைரோவின் பக்கம் வைக்கும் நம்பிக்கை. அக்குறிப்பில் `a` 0.98, `dt` 0.01 நொடி. இவ்விரண்டும் சேர்ந்து `a*dt/(1-a)` என்னும் கால மாறிலியை, இங்கு 0.49 நொடியை, தீர்மானிக்கின்றன. ஏறத்தாழ இந்நேரத்துக்குக் குறைவான அசைவுகளில் ஜைரோவின் சொல்லும், அதைவிட நீண்டவற்றில் முடுக்கமானியின் சொல்லும் செல்லுபடியாகின்றன.

இதிலிருந்து வலியுறுத்த வேண்டியது, 0.98 என்னும் எண்ணுக்குத் தனிப் பொருள் இல்லை என்பதாகும். அதே எண்ணை 0.005 நொடிக்கு ஒரு முறை ஓடும் நிரலில் இட்டால் கால மாறிலி 0.245 நொடியாகவும், 0.001 நொடிக்கு ஒரு முறை ஓடும் நிரலில் வெறும் 0.049 நொடியாகவும் சுருங்கிவிடும். நிரலை வேகப்படுத்தியவர் தம்மை அறியாமலேயே முடுக்கமானியின் கையில் ரோபோவை ஒப்படைத்தவராகிறார். ஆகவே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கால மாறிலியே. `a` அதிலிருந்து கணக்கிட்டுப் பெறப்பட வேண்டும்.

கால மாறிலியை எவ்வளவு வைப்பது? முடுக்கமானியின் பிழையை மோட்டார் அதிர்வால் எழும் இரைச்சலாக மட்டும் கருதினால், அது சராசரியில் அழிந்துவிடும் என்ற எண்ணத்தில் அரை நொடியே போதும் என்று தோன்றும். சமநிலை ரோபோவைப் பொறுத்தவரை இக்கருத்து போதாது. ரோபோ நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் கூடி முன்னே செல்கிறது எனக் கொள்வோம். அதற்கு அது முன்பக்கம் சாய்ந்தாக வேண்டும். சக்கரங்களின் எடையும் ஆரமும் சிறியவை என்றால் தேவைப்படும் சாய்வு ஏறத்தாழ 5.8°. அப்போது முடுக்கமும் ஈர்ப்பும் சேர்ந்து உணரியில் உண்டாக்கும் விசை சரியாக உடலின் அச்சு வழியே விழுகிறது. விளைவாக, உடல் 5.8° சாய்ந்திருக்கையில் முடுக்கமானி அது நேராக நிற்பதாகவே சொல்கிறது. சாய்வுக்கும் முடுக்கத்துக்கும் இடையிலான உறவே இப்பிழையைப் பிறப்பிப்பதால், இது தற்செயலானதன்று. சாய்வு கூடும்போதெல்லாம் அதை மறைக்கும் திசையிலேயே வருகிறது.

அந்த முடுக்கம் அரை நொடி நீடித்தால், 0.49 நொடி கால மாறிலியுள்ள வடிப்பான் பிழையில் ஏறத்தாழ 64 விழுக்காட்டை, அதாவது 3.7° அளவை, உள்வாங்கிவிடும். 5.8° சாய்ந்த ரோபோ தன்னை 2.1° சாய்ந்ததாகவே கருதும். கால மாறிலி 5 நொடி என்றால் உள்வாங்கும் பிழை 0.55° மட்டுமே. ஆனால் நீண்ட கால மாறிலிக்கும் விலை உண்டு. ஜைரோவின் எஞ்சிய சுழிப் பிழையைக் கால மாறிலியால் பெருக்கினால் வருவதே வடிப்பானில் நிலைத்துவிடும் கோணப் பிழை. நொடிக்கு 0.1° எஞ்சியிருந்தால், 5 நொடி கால மாறிலியில் அது 0.5°.

இவ்விரு பிழைகளில் ஒன்று கால மாறிலியோடு வளர்கிறது. மற்றொன்று அதற்குத் தலைகீழாகத் தேய்கிறது. இரண்டின் கூட்டு மிகக் குறைவாக அமையும் இடம், முடுக்கத்தால் வரும் கோணப் பிழையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கி, சுழிப் பிழையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் தோராயமாகக் கிடைக்கும். மேற்கண்ட எண்களுக்கு அது 5.4 நொடி, சுழிப் பிழை நொடிக்கு 0.5° என்றால் 2.4 நொடி. எனவே ஜைரோவைத் திருத்தும் பணியே கால மாறிலியின் எல்லையை வகுக்கிறது. பரவலாகப் பயன்படும் MPU-6050 சில்லின் சுழிப் பிழை, அதன் தரவுத்தாளின்படி, நொடிக்கு 20° வரை இருக்கலாம். தொடக்கத்தில் ரோபோவை அசையாமல் வைத்துச் சில நூறு அளவீடுகளின் சராசரியைக் கழித்தால் பெரும்பகுதி நீங்கும். சில்லு சூடேறும்போது பிழை மீண்டும் நகரும் என்பதால், முழுவதும் நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. 5.4 நொடி போன்ற நீண்ட கால மாறிலியில் தொடக்கக் கோணம் தவறினால் அத்தவறு 5 விழுக்காடாகத் தேய மூன்று கால மாறிலிகள், அதாவது 16 நொடி, பிடிக்கும். ஆதலின் `angle` சுழியிலிருந்து தொடங்காமல் முடுக்கமானியின் முதற்கோணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முன்பின் ஆட்டத்தால் வரும் பிழை வேறு வகையைச் சேர்ந்தது. நொடிக்கு இருமுறை, 3° வீச்சில் ஆடும் உடலில், அச்சுக்கு 20 செ.மீ. மேலே பொருத்திய முடுக்கமானி 9.6° அளவுக்குப் பொய்ச்சாய்வு காட்டக்கூடும். இது இருபுறமும் மாறி மாறி வருவதால் ஒரு நொடிக் கால மாறிலியே அதை 0.8°க்குள் அடக்கிவிடுகிறது. உணரியைச் சக்கர அச்சுக்கு அருகில் பொருத்தினால் பிழையின் வேரே குறையும்.

கால்மன் வடிப்பான் இச்சிக்கலைத் தானாகத் தீர்க்கும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. நிலைத்த நிலையில் அது நிரப்பு வடிப்பானின் வடிவத்தையே எடுக்கக்கூடும் என்பதை வால்டர் ஹிக்கின்ஸ் 1975இலேயே எடுத்துக்காட்டினார். அளவீட்டுப் பிழையை அசைவோடு தொடர்பற்ற இரைச்சலாகக் கொள்ளும் வழக்கமான மாதிரியும் மேலே காட்டிய உறவைக் காணத் தவறும்.

எந்தப் பிழை மேலோங்கியுள்ளது என்பதை ரோபோவின் நடத்தையிலிருந்தே அறியலாம். உடலைக் கையால் பிடித்துச் சட்டெனச் சாய்க்கையில் கணித்த கோணம் முதலில் எதிர்த்திசைக்குத் தாவி, பின் மெல்ல ஊர்ந்து சரியான இடத்தை அடைந்தால் ஜைரோவின் குறி தலைகீழாக உள்ளது. தேவைக்கு மேல் தாவிப் பின் திரும்பினால் அளவுக் காரணி பெரிதாக உள்ளது. MPU-6050இன் தொடக்க வரம்பில் நொடிக்கு ஒரு பாகை என்பது 131 எண்ணிக்கை. நிற்கும் ரோபோ எப்போதும் ஒரே பக்கமாக உருண்டால் சுழிப் பிழையோ உணரி கோணலாகப் பொருந்தியதோ காரணம். வேகக் கட்டளை தந்த பின் மட்டும் தள்ளாடி, சில நொடிகளில் தேறினால் முடுக்கமே காரணம். இக்கடைசிக் குறைக்குக் கால மாறிலியை நீட்டுவதோடு, சக்கரச் சுழற்சியளவியிலிருந்து முடுக்கத்தைக் கணக்கிட்டு முடுக்கமானியின் அளவீட்டிலிருந்து கழிக்கும் வழியும் உண்டு. ஆனால் வழுக்கும் தரையில் சக்கரம் சுற்ற உடல் நகராதபோது, கழிக்கப்படும் முடுக்கமே பொய்யாகிப் புதிய சாய்வுப் பிழையைப் புகுத்திவிடும்.